கையெழுத்து வாங்கினால் ஆய்வுக்கு நம்பகத்தன்மை வந்துவிடுமா?

கேள்வி: "நாகப்பட்டினம் மாவட்டத்தில் மூன்று கடைமடைக் கிராமங்களில் சம்பா நடவு குறைந்து நேரடி விதைப்பு பெருகியது பற்றி பிஎச்.டி. செய்கிறேன். 15 விவசாயிகள், 9 கூலிப் பெண்கள் என்று 24 பேரிடம் நேர்காணல் முடிந்தது. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்பது என் முக்கியமான முடிவு. 'இதை எப்படி நம்புவது? மெம்பர் செக்கிங் செய்தீர்களா? ஆடிட் டிரெயில் எங்கே?' என்று டாக்டரல் கமிட்டியில் கேட்கிறார்கள். எல்லாரிடமும் ட்ரான்ஸ்கிரிப்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் போதுமா? ஆடிட் டிரெயிலை இப்போது உட்கார்ந்து எழுதிவிடலாமா?"

போதாது. அந்தக் கையெழுத்து "நான் இப்படிச் சொன்னேன்" என்பதை மட்டும்தான் காட்டும். அவர்கள் அப்படிச் சொன்னார்களா என்பதில் கமிட்டிக்குச் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்கள் சொன்னதிலிருந்து "ஆள் பற்றாக்குறைதான் காரணம்" என்ற இடத்துக்கு நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. 24 பேரும் ட்ரான்ஸ்கிரிப்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த முடிவு தவறாக இருக்க இடம் உண்டு. ஆய்வின் வழியில் எடுத்த முடிவுகளின் பதிவான ஆடிட் டிரெயிலைப் பொறுத்தவரை ஒரு பகுதியை இப்போதும் மீட்டெடுக்கலாம். ஆனால் பழைய தேதி போட்டு எழுதக் கூடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பண்புசார் ஆய்வின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் கையாளும் சட்டகம் இவோனா லிங்கனும் ஈகோன் கூபாவும் 1985-இல் முன்வைத்தது. அதில் நான்கு கேள்விகள் உண்டு. உங்கள் முடிவு அந்த மக்களின் அனுபவத்துக்குப் பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. இதைத்தான் கிரெடிபிலிட்டி என்கிறோம். வேறொரு இடத்துக்கு இது பொருந்துமா என்று படிப்பவர் தாமே தீர்மானிக்கும் அளவுக்கு ஊரையும் சூழலையும் விவரித்திருக்கிறீர்களா என்பது இரண்டாவது. செய்த முறை தடம் பிடித்துப் போகக்கூடியதாக இருக்கிறதா, முடிவுகள் உங்கள் விருப்பத்திலிருந்து வராமல் தரவிலிருந்து வந்தவைதானா என்பவை மற்ற இரண்டும். பேசியவர்களிடமே திரும்பப் போய்க் கேட்டுப் பார்க்கும் மெம்பர் செக்கிங் முதல் கேள்விக்கு உதவும் பல வழிகளில் ஒன்று. ஆடிட் டிரெயில் கடைசி இரண்டுக்கும் உரியது. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. உங்கள் கமிட்டி இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியிருக்கலாம்.

முதலில் கிரெடிபிலிட்டி. உங்கள் ட்ரான்ஸ்கிரிப்ட்களை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் முடிவு சரியா தவறா என்று என்னால் சொல்ல முடியாது. அதை எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். "ஆள் கிடைக்கவில்லை" என்ற வாக்கியத்தை யார் யார் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 15 விவசாயிகளும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டெல்டாவில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் பேச்சு அது, "நூறு நாள் வேலை வந்ததிலிருந்து ஆளே வர்றதில்ல" என்ற வாலோடு சேர்ந்து. அந்த ஒன்பது பெண்களும் அதையே சொன்னார்களா? அவர்கள் "கூப்பிட்டா போகமாட்டோமா? கூப்பிடறதே இல்லையே" என்று சொல்லியிருந்தால், உங்கள் கண்டுபிடிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பது ஒரு தரப்பின் விளக்கம். 15-க்கு 9 என்ற கணக்கில் எண்ணிப் பார்த்து அந்தத் தரப்பு ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான். பண்புசார் ஆய்வில் எத்தனை பேர் சொன்னார்கள் என்பது ஒரு முடிவுக்கு வலு சேர்ப்பதில்லை. சொன்னவர் எந்த இடத்தில் நின்று சொன்னார் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அது ஆய்வு.

இப்படி இரண்டு தரப்பும் முரண்படும்போது யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள். "எப்போது?" என்று கேளுங்கள். கடைமடையில் தண்ணீர் வந்து சேர்ந்ததும் எல்லா வயலும் ஒரே சமயத்தில் நடவுக்குத் தயாராகும். அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு உண்மையிலேயே ஆளுக்கு அடிதடி. அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் அதே பெண்களுக்கு வேலை இருக்காது. இரண்டு பேச்சும் உண்மையாக இருக்க முடியும், வேறு வேறு வாரங்களைப் பற்றி. உங்கள் நேர்காணல் வழிகாட்டியில் "எப்போது" என்ற கேள்வி இல்லையென்றால், தரவில் இந்த முடிச்சு அவிழாமலே கிடக்கும். நேர்காணலை நீங்கள் எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். கல்லூரி விடுமுறையில் மே மாதத்தில் போயிருந்தால் வயல் காய்ந்து கிடந்திருக்கும், எல்லாரும் நினைவிலிருந்து பேசியிருப்பார்கள். ஆவணி புரட்டாசியில் ஒரு முறை போய் நின்று பார்ப்பது, கூடுதலாகப் பத்துப் பேரிடம் பேசுவதைவிட அதிகம் தரும். களத்தில் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று லிங்கனும் கூபாவும் சொல்வதைப் பலர் நாள் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். டெல்டாவில் அதைப் பருவக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, உங்கள் முடிவுக்கு ஒத்துவராத ஆளைத் தேடிப் போவது. அதே கிராமத்தில் இன்னமும் நடவு செய்கிற விவசாயி ஒருவராவது இருப்பார். அவருக்கு மட்டும் ஆள் எப்படிக் கிடைக்கிறது? அவரிடம் நல்ல தண்ணீர் வரும் போர்வெல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலோரக் கடைமடையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. போர் இருப்பவர் வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருக்காமல் நாற்று விட்டுவிடுவார். சம்பா நாற்றங்காலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். ஊரே நடுவதற்கு முன்பே இவர் நடுவதால் அந்த வாரம் ஆள் தாராளமாகக் கிடைக்கும். போர் இல்லாதவர் தண்ணீர் வந்த பிறகுதான் நாற்று விட முடியும். நட்டு முடிக்கும்போது ஐப்பசி பிறந்துவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டினால் பள்ளக்கால் வயலில் இளம் பயிர் மூழ்கிப் போகும். புழுதியில் முன்னதாகவே விதைத்தவரின் பயிர் அதற்குள் ஓரளவு வளர்ந்து தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். இந்த ஒரு விவசாயியைச் சேர்த்துப் பார்த்ததும் "ஆள்" என்ற காரணத்துக்கு முன்னால் "தண்ணீர் வரும் தேதி" என்ற காரணம் வந்து நிற்கிறது. உங்கள் கிராமங்களில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒத்துவராத ஒரு ஆளால், பலர் பேச்சிலிருந்து நீங்கள் கட்டிய ஒரு தீம் எந்த அளவுக்குப் புரண்டுபோக முடியும் என்பதற்குச் சொல்கிறேன்.

நேர்காணலுக்கு வெளியே இருக்கும் ஆதாரத்தோடு ஒத்துப் பார்ப்பதும் இங்கே சுலபம். "அந்த வருசம் தண்ணி ரொம்ப லேட்டு, அதான் விதைச்சுட்டோம்" என்று ஒருவர் சொன்னால், மேட்டூர் அணை திறந்த தேதி ஊரறிந்த பதிவு. வழக்கமான தேதி ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அவர் சொல்லும் ஆண்டு எது என்று கேட்டு ஒத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அவர் நினைவு தவறு என்று எழுதிவிடாதீர்கள். மேட்டூரில் திறந்த தேதி வேறு, உங்கள் கிராமத்து மடைக்குத் தண்ணீர் வந்த தேதி வேறு. வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தாலோ மேலே முறை வைத்து விட்டாலோ, அணை சீக்கிரம் திறந்த ஆண்டிலும் கடைமடைக்குத் தாமதம்தான். நூறு நாள் வேலை என்ற காரணத்தையும் இப்படிச் சோதிக்கலாம். நாகப்பட்டினம் மாவட்டம் 2006-இல் முதல் கட்டத்திலேயே அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. உங்கள் கிராமத்தில் புழுதி விதைப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தால், திட்டத்தைத் தொடக்கக் காரணமாகச் சொல்ல முடியாது. பிற்பாடு அதை நிலைக்கச் செய்த காரணமாக வேண்டுமானால் சொல்லலாம்.

இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் மெம்பர் செக்கிங். அது இரண்டு விதம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கையெழுத்து யோசனை வருகிறது. முதல் விதத்தில் அவர் பேசியதை அவரிடமே திருப்பிக் காட்டித் தகவல் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இதனால் வரும் பயன் சிறியது, ஆனால் உறுதியானது. டெல்டாவில் நிலத்தையும் கூலியையும் இன்னமும் பலர் மா கணக்கில் பேசுவார்கள். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒப்பந்த நடவுக்கு ஒரு பெண் சொன்ன தொகை மாவுக்கா ஏக்கருக்கா என்பது பதிவில் தெளிவில்லாமல் போயிருந்தால், உங்கள் கூலிக் கணக்கு மூன்று மடங்கு தவறும். இதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளத்தான் இந்த முதல் விதம். இதற்கு முழு ட்ரான்ஸ்கிரிப்டை நீட்ட வேண்டாம். பேச்சை அப்படியே எழுத்தில் பார்க்கும்போது பலர் கூச்சப்பட்டு, "இப்படியா பேசினேன், இதை எடுத்துடுங்க" என்பார்கள். படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் காகிதக் கட்டு. சந்தேகமான நாலைந்து இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு போய் வாயால் கேட்டால் போதும்.

கையெழுத்தை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் கிராமங்களில் ஒரு கூலித் தொழிலாளியிடமோ குத்தகை விவசாயியிடமோ யாராவது காகிதம் நீட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ கேட்பது பெரும்பாலும் கடனுக்கு, நிலத்துக்கு, அல்லது ஏதாவது வழக்குக்கு. எழுத்தில் இல்லாத வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவரிடம் "நீங்கள் சொன்னதுக்குக் கையெழுத்துப் போடுங்கள்" என்றால் அவர் தூக்கம் கெடும். ஆய்வில் பங்கேற்க ஒப்புதல் வாங்குவது வேறு விஷயம். அது நேர்காணலுக்கு முன்பே, உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்ட வகையில் முடிந்திருக்க வேண்டும். அதை மெம்பர் செக்கிங்கோடு கலக்காதீர்கள்.

இரண்டாவது விதத்தில், பலர் பேச்சிலிருந்து நீங்கள் கட்டிய விளக்கத்தை அவர்கள் முன் வைத்து, அவர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத் தேவை இதுதான். ஆய்வேட்டு மொழியில் எழுதிய தீம்களை அப்படியே வாசித்துக் காட்டினால் பயன் இல்லை. அரைப் பக்கத்துக்கு மிகாமல், அவர்கள் பேசும் தமிழில், எந்த ஒரு ஆளையும் அடையாளம் காட்டாத ஒரு சின்ன விவரிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு இப்படி: "இந்தப் பக்கம் முன்னெல்லாம் எல்லாரும் நட்டாங்க. இப்ப பாதிப் பேருக்கு மேல விதைக்கிறாங்க. விவசாயிங்க ஆள் வர்றதில்லங்கிறாங்க. வேலை செய்யறவங்க கூப்பிடறதில்லங்கிறாங்க. தண்ணி வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல நடறதுனால அந்தக் கொஞ்ச நாள்தான் ஆளுக்குப் பஞ்சம், மத்த நாள்ல வேலைக்குத்தான் பஞ்சம்னு எனக்குப் படுது." இதைப் படித்துக் காட்டிவிட்டு "சரியா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "நீங்க படிச்சவங்க, எழுதினா சரியாத்தாங்க இருக்கும்" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை ஒப்புதல் என்று எண்ணிவிட வேண்டாம். அது மரியாதைக்குச் சொல்வது. "இதுல உங்களுக்குப் பொருந்தாதது எது?", "இதை உங்க பக்கத்து வயல்காரர் கேட்டா என்ன சொல்லுவார்?", "நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று கேளுங்கள். மறுத்துப் பேசுவதற்கு நாம் கதவைத் திறந்து வைத்தால்தான் மறுப்பு வரும்.

யாரை எங்கே வைத்துக் கேட்பது என்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. விவசாயியின் திண்ணையில் எல்லாரையும் கூட்டி வைத்து வாசித்தால், அடுத்த வாரம் அவர் வயலுக்கே களை எடுக்கப் போக வேண்டிய பெண் வாயைத் திறக்க மாட்டார். பெண்களைத் தனியாக, அவர்கள் தெருவில், வேலை முடிந்து வந்த பிறகு சந்தியுங்கள். 24 பேரையும் சந்திக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் உங்கள் விளக்கத்தோடு ஒத்துப்போகிறவர்களை மட்டும் பொறுக்கக் கூடாது. அதிகம் முரண்படக்கூடியவர்கள் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். நேர்காணல் முடிந்து ரொம்ப நாள் இடைவெளி விட்டுவிட்டால் ஒரு போகமே மாறியிருக்கும், அவர்கள் கருத்தும் மாறியிருக்கும். அப்போது அவர் மறுப்பது உங்கள் விளக்கத்தையா, போன வருடத்துத் தன்னையா என்று பிரித்தறிய வேண்டிவரும்.

சரி, அவர்கள் மறுத்தால் என்ன செய்வது? ஒரு பெண் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வேலை இல்லாம இல்லைங்க. நடவுதான் போச்சு. விதைச்ச வயல்ல களை மண்டிப் போவுது, அதுக்குக் கூப்பிடறாங்க. ஆனா நடவுன்னா பத்துப் பேரா சேர்ந்து மொத்தமா பேசி வாங்குவோம். களைக்குத் தனித்தனியாத்தான் கூலி." இது உங்கள் விளக்கத்தை முழுக்கத் தள்ளவில்லை. நீங்கள் பார்க்காத ஒன்றைக் காட்டுகிறது. வேலை குறைந்ததா என்பதைவிட, கூட்டமாகப் பேசிக் கூலி வாங்கும் பலம் குறைந்தது அவருக்குப் பெரிதாக இருக்கிறது. அதாவது மெம்பர் செக்கிங்கில் உங்களுக்குக் கிடைத்தது புதிய தரவு. அதையும் பதிவு செய்து, எழுதி, பகுதி பகுதியாகப் பெயரிட்டுக் கோடிங் செய்ய வேண்டும். பழைய 24 ட்ரான்ஸ்கிரிப்ட்களுக்கும் திரும்பிப் போய், கூலி பேசும் முறை பற்றி வேறு யாராவது சொல்லி நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்களா என்று தேட வேண்டும். இந்த இடத்தில்தான் கிரெடிபிலிட்டி உண்மையில் கூடுகிறது.

இன்னொரு பக்கம், ஒரு விவசாயி உங்கள் விவரிப்பைக் கேட்டுவிட்டு, "எல்லாம் தப்பு, நூறு நாள் வேலைதான் காரணம், அதை எழுதுங்க" என்று கோபப்படலாம். அவர் சொன்னதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை. பங்கேற்பாளர் தன் அனுபவத்துக்கு அதிகாரி. பலருடைய பேச்சை ஒப்பிட்டு நீங்கள் செய்த விளக்கத்துக்கு அவர் நீதிபதி ஆகிவிட மாட்டார். ஆனால் அவர் மறுத்தார் என்பதை ஆய்வேட்டில் எழுதியே ஆக வேண்டும். யார் மறுத்தார்கள், எதை, ஏன் நீங்கள் மாற்றவில்லை என்று. துறைக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. லிங்கனும் கூபாவும் மெம்பர் செக்கிங்கைக் கிரெடிபிலிட்டிக்கு மிக முக்கியமான வழி என்றார்கள். ஜானிஸ் மோர்ஸ் போன்றவர்கள், பலர் தரவிலிருந்து மேலெழும்பி வந்த ஒரு விளக்கத்தைத் தனி ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வதில் பொருளில்லை என்று வாதிட்டார்கள். என் நிலை நடுவில் இருக்கிறது. சரிபார்ப்பு என்ற வகையில் அது பலவீனமானது. இரண்டாம் சுற்று உரையாடல் என்ற வகையில் அதற்கு ஈடானவை குறைவு. முன்னது துறையில் இன்னும் தீராத வாதம். பின்னதை எத்தனையோ மாணவர்களின் வேலையில் கண்டிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மூன்றே கிராமங்கள், ஒன்பதே பெண்கள் என்றால் பெயரை மாற்றுவது மறைப்பு ஆகாது. "நடவுக்கு ஆள் திரட்டும், கணவரை இழந்த ஒரு பெண்" என்று நீங்கள் எழுதினால் ஊரில் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். கமிட்டியில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம், அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுப்பவருக்குத் தெரியும். விவரிப்பை ஊரில் வாசிப்பதற்கு முன், இதை அவருடைய முதலாளி கேட்டால் யாரை நினைப்பார் என்று வரிக்கு வரி பாருங்கள்.

இப்போது ஆடிட் டிரெயில். பலர் இதை வேலைக் குறிப்பு என்று நினைத்து, "இன்று மூன்று பேரைச் சந்தித்தேன், ட்ரான்ஸ்கிரிப்ட் செய்தேன்" என்று எழுதி வைக்கிறார்கள். அது டைரி. ஆடிட் டிரெயிலில் இருக்க வேண்டியவை முடிவுகள்: எந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது, எதை எடுத்தீர்கள், எதைத் தள்ளினீர்கள், எந்தத் தரவு அதற்குக் காரணம். எட்வர்ட் ஹால்பெர்ன் 1983-இல் இதை ஆறு வகையாகப் பிரித்தார், லிங்கனும் கூபாவும் அதையே எடுத்தாண்டார்கள். மூலத் தரவு, அதைச் சுருக்கிய கோடிங், அதிலிருந்து கட்டிய தீம்கள், செய்முறைக் குறிப்புகள், உங்கள் நோக்கமும் முன்முடிவுகளும் பற்றிய குறிப்புகள், நேர்காணல் வழிகாட்டி எப்படி மாறியது என்பது. இதில் மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது ஐந்தாவது. நீங்கள் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால், "ஆள் கிடைக்கவில்லை" என்பதை வீட்டில் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். அதை முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், பின்னால் அதே தீம் வந்தபோது நீங்களே நின்று யோசித்திருப்பீர்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். "14-9-2024. 'ஆள் பற்றாக்குறை' என்ற கோடிங் பெயரை இரண்டாகப் பிரித்தேன்: நடவு வாரத்துப் பற்றாக்குறை, ஆண்டு முழுதும் பற்றாக்குறை. காரணம்: பெண்கள் 3, 5, 8 மூவரும் மாதத்தைச் சொல்லிப் பேசுகிறார்கள், விவசாயிகளில் பெரும்பாலோர் சொல்வதில்லை. தள்ளிய யோசனை: 'கூலி உயர்வு' என்ற கோடிங் பெயரோடு இணைப்பது. அப்படி இணைத்தால் காலம் மறைந்துபோகும். அடுத்த வேலை: முதல் பத்து ட்ரான்ஸ்கிரிப்ட்களை மறுபடி கோடிங் செய்ய வேண்டும்." ஐந்தாறு வரிதான். இப்படி ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒன்று இருந்தால் போதும். சாதாரண நோட்டுப் புத்தகமோ எக்செல் ஃபைலோ எது வசதியோ அதில் எழுதலாம். கோடிங் பெயர்ப் பட்டியலை மாற்றும்போது பழையதன் மேல் எழுதி அழிக்காமல் `codebook_v1`, `codebook_v2` என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த எண் என்ற பட்டியலை மட்டும் இதோடு சேர்க்காமல் பூட்டி வையுங்கள். ஆடிட் டிரெயிலை வேறொருவர் பார்க்கப் போகிறார்.

நீங்கள் இதுவரை எழுதவில்லை என்றால், மீட்கக்கூடியதை மீட்டெடுங்கள். ஒலிப்பதிவு ஃபைல்களின் தேதி, வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர் திருத்தித் தந்த தாள்கள், நேர்காணல் வழிகாட்டியின் பழைய பதிப்புகள், கமிட்டிக்குக் காட்டிய ஸ்லைடுகள் இவையெல்லாம் தேதியுள்ள சாட்சிகள். அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடையில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதிய இன்றைய தேதியைப் போட்டு, "நினைவிலிருந்து எழுதியது" என்று மேலே குறிப்பிடுங்கள். பின்னால் எழுதிய குறிப்பு பலவீனமானதுதான். முடிவு தெரிந்த பிறகு எழுதும்போது பாதை நேர்க்கோடாகத்தான் தெரியும், தள்ளிய வழிகள் மறந்திருக்கும். அதைச் சொல்லிவிட்டால் அது பலவீனமான ஆதாரம். பழைய தேதி போட்டு எழுதினால் அது போலி ஆவணம், கண்டுபிடிப்பதும் கடினமில்லை. ஒரே மூச்சில் எழுதியவை ஒரே நடையில் இருக்கும், தடுமாற்றமே இருக்காது, ஒரு கோடிங் பெயர்கூடக் கைவிடப்பட்டிருக்காது.

ஆடிட் டிரெயில் வேலை செய்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். உங்கள் முடிவுகள் அத்தியாயத்திலிருந்து ஏதாவது ஒரு வாக்கியத்தை எடுத்து உடன் படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல், அந்த வாக்கியத்திலிருந்து தீம் குறிப்புக்கும், அங்கிருந்து கோடிங் பெயருக்கும், அங்கிருந்து ட்ரான்ஸ்கிரிப்டின் வரிக்கும் அவரால் போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள். அறுந்த இடம் எதுவோ அதுதான் உங்கள் ஓட்டை. அவர் உங்கள் முடிவை ஏற்க வேண்டும் என்பதில்லை. "இந்தத் தரவிலிருந்து இப்படி வந்திருக்கிறார்கள் என்று புரிகிறது" என்று அவர் சொன்னால் போதும். இதற்கும் எல்லை உண்டு. தடம் சுத்தமாக இருந்தும் விளக்கம் மோசமாக இருக்கலாம். விவசாயிகளை மட்டும் கேட்டு, அதை ஒழுங்காகக் கோடிங் செய்து, ஒவ்வொரு படியையும் பதிவு செய்திருந்தால், ஆடிட்டில் குறையே தெரியாது. ஆகவே கமிட்டியில் ஒருவர் ஆடிட் டிரெயிலைப் பார்த்துத் திருப்தி அடைந்தாலும், மேலே சொன்ன கிரெடிபிலிட்டி வேலையை விட்டுவிடாதீர்கள்.

கமிட்டியில் யாராவது, இரண்டு பேர் தனித்தனியாகக் கோடிங் செய்து எத்தனை சதவீதம் ஒத்துப்போனது என்று கேட்கவும் கூடும். அது நீங்கள் எடுத்துக்கொண்ட முறையைப் பொறுத்தது. ஆய்வாளரின் சொந்த வாசிப்பையே கருவியாகக் கொள்ளும், பிரான், கிளார்க் இருவரும் சொல்லும் ரிஃப்ளெக்சிவ் தீமேட்டிக் அனாலிசிஸ் என்றால் அந்த எண் முறைக்கே பொருந்தாது, அதை அவர்களே விளக்கியிருக்கிறார்கள். முன்கூட்டியே வகுத்த கோடிங் பெயர்களோடு குழுவாகச் செய்திருந்தால் அது நியாயமான கேள்வி.

ஆய்வேட்டில் எழுதும்போது "மெம்பர் செக்கிங் செய்யப்பட்டது, ஆடிட் டிரெயில் பராமரிக்கப்பட்டது" என்று இரண்டு வரியில் முடிக்காதீர்கள். மதிப்பிட வரும் எனக்கு அந்த வரிகள் எதையும் சொல்வதில்லை. எத்தனை பேரிடம், எந்த மாதத்தில், என்ன வடிவில் விவரிப்பைக் கொண்டு போனீர்கள், யாரைத் திரும்பச் சந்திக்க முடியவில்லை, எந்தத் தீம் மாறியது, எது மறுக்கப்பட்டும் மாறவில்லை என்று எழுதுங்கள். ஒன்பது பெண்களில் இருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் சந்திக்க முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், போன் நம்பர் இருந்தால் பேசிப் பாருங்கள். ஊரில் வேலை கிடைக்காமல் போனவர்களா, வேறு காரணத்துக்காகப் போனவர்களா என்பது உங்கள் "ஆள் பற்றாக்குறை" முடிவை நேராகத் தொடும். அவர்கள் இல்லாமல் ஊரில் மிச்சமிருப்பவர்களிடம் மட்டும் சரிபார்த்தால், வேலை கிடைத்தவர்களிடம் மட்டும் கேட்டதாக ஆகிவிடும்.